லெ மோர்ன் மலைமுன் குதித்த உருவம்: ஒரு வாழ்த்துப் படம் பற்றிய நிகழ்வு ஆய்வு

2026 பிப்ரவரி 1, ஞாயிற்றுக்கிழமை. மொரிஷியஸில் அன்று இரண்டு பொது விடுமுறைகள் ஒன்றாக விழுந்தன. ஒன்று நம்முடைய தைப்பூசக் காவடி. இன்னொன்று அடிமை முறை ஒழிப்பு நாள். தைப்பூசம் நிலாவைப் பார்த்து வருவது. ஒழிப்பு நாள் தேதி மாறாதது. இரண்டும் ஒரே நாளில் வருவது அபூர்வம்.

ரோஸ் ஹில்லில் தமிழர் ஒருவர் நடத்தும் துணிக்கடையின் ஃபேஸ்புக் பக்கத்தை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். சுமார் பதினோராயிரம் பேர் பின்தொடர்கிறார்கள். பள்ளிச் சீருடையும் பண்டிகைத் துணியும் விற்கிற கடை என்பதால் எல்லாச் சமூகத்தாரும் அதில் இருக்கிறார்கள். ஆப்பிரிக்காவிலிருந்தும் மடகாஸ்கரிலிருந்தும் அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் வழிவந்த கிரியோல் குடும்பங்கள்தான் அதிகம் என்று கூடச் சொல்லலாம். அன்று காலை ஆறு மணிக்கு அந்தப் பக்கத்தில் ஒரு படம் வெளியானது. மாலைக்குள் நூற்றைம்பதுக்குப் பக்கமாகக் கருத்துகள். பெரும்பாலானவை கோபமானவை, சில வெறும் வருத்தம். வருத்தமாக எழுதியவர்கள்தான் என்னைத் தூங்கவிடவில்லை.

என்ன நடந்தது, ஏன் நடந்தது என்று அடியிலிருந்து பார்த்து எழுதுகிறேன். பிறர் நாளுக்கு வாழ்த்துப் போடுகிற தமிழ்க் கடைகளும் சங்கங்களும் இந்தத் தீவில் நிறைய உண்டு. அவர்களில் யாராவது அதே குழியில் விழாமல் இருந்தால் நல்லது.

அந்தப் படம்

சதுரமான படம், நடுவில் கோடு. இடப்பக்கம் மயில், வேல், ரோஜா நிற உடுப்பில் அலகு குத்திய ஒரு பக்தர். வலப்பக்கம் லெ மோர்ன் மலையின் புகைப்படம். அதன்முன் கறுப்பு நிழலுருவமாக ஒரு மனிதன், இரு கைகளையும் விரித்துத் தரையை விட்டு மேலே எம்பிக் குதிக்கிறான். மணிக்கட்டுகளில் அறுந்த சங்கிலி தொங்குகிறது. கீழே பெரிய எழுத்தில் 'போன் ஃபெத்' என்று எல்லோருக்கும் பொதுவான வாழ்த்து. அதற்கும் கீழே, 'ஒரே நாளில் இரண்டு விழா, திங்கள் செவ்வாயில் பதினைந்து சதவீதத் தள்ளுபடி'.

இதைப் படிக்கிற தமிழகத்து வாசகருக்கு அந்த வலப்பக்கத்தில் என்ன தப்பு என்று உடனே தெரியாமல் போகலாம். சங்கிலி அறுந்தது, மனிதன் சந்தோஷமாகக் குதிக்கிறான், விடுதலை, சரிதானே? அந்தப் படத்தைச் செய்த தம்பியும் அப்படித்தான் நினைத்தான். முதலாளி அக்காவின் தங்கை மகன் அவன், வயது இருபத்திரண்டு. இணையத்தில் 'விடுதலை' என்று தேடி அந்த நிழலுருவத்தை எடுத்தான். மொரிஷியஸுக்கு ஏற்றதாக இருக்கட்டும் என்று பின்னால் லெ மோர்னை வைத்தான்.

லெ மோர்ன் தீவின் தென்மேற்கு முனையில் கடலோரமாக நிற்கும் செங்குத்தான மலை. எசமானர்களிடமிருந்து தப்பி ஓடிய அடிமைகள் அதன் மேலே ஒளிந்து வாழ்ந்தார்கள். 1835 பிப்ரவரி 1-ஆம் தேதி ஒழிப்புச் சட்டம் இங்கே நடைமுறைக்கு வந்தபோது, 'இனி நீங்கள் சுதந்திர மனிதர்கள்' என்று சொல்லப் போலீஸ்காரர்கள் மலைக்குப் போனார்களாம். தங்களைப் பிடிக்கத்தான் வருகிறார்கள் என்று பயந்து, மேலே இருந்தவர்கள் பாறை விளிம்பிலிருந்து குதித்து உயிரை விட்டார்கள் என்பது கிரியோல் வீடுகளில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வரும் கதை. வாய்வழியாக வந்தது, எத்தனை பேர் என்று யாரும் எண்ணி வைக்கவில்லை. ஆனால் 2008-இல் யுனெஸ்கோ அந்த மலையை உலக மரபுச் சின்னமாக்கியதற்கு இந்த நினைவும் ஒரு காரணம். ஒவ்வொரு பிப்ரவரி 1-க்கும் அதன் அடிவாரத்தில்தான் மலர் வைத்து அஞ்சலி செலுத்துகிறார்கள்.

அந்த மலைக்கு முன்னால்தான் நாங்கள் ஒரு மனிதனைக் குதிக்க வைத்திருந்தோம்.

படத்தைப் பார்த்துச் 'சரி' சொன்னது நான். ஜனவரி இருபதாம் தேதி வாக்கில், பேருந்தில் நின்றுகொண்டு, கைப்பேசியில் கட்டை விரல் நகம் அளவுக்கு வந்த படத்தைப் பார்த்தேன். மலை தெரிந்தது, ஆள் தெரிந்தது. இரண்டையும் சேர்த்துப் பார்க்கவில்லை. லெ மோர்ன் கதை எனக்குத் தெரியாதது அல்ல, பள்ளியில் படித்தது.

எட்டு மணி நேரம் ஆளில்லாத பக்கம்

காலை ஆறு மணிக்குப் படம் தானாக வெளியாகும்படி முன்பே நேரம் குறித்து வைத்திருந்தோம். ஏனென்றால் அன்று எங்களுக்குக் காவடி. பத்து நாள் விரதம் முடிந்து, நான் பால் சொம்பு எடுத்துக்கொண்டு காத்ர் போர்னில் கோர் த கார்த் மலைச்சரிவில் இருக்கிற முருகன் கோயிலுக்கு நடந்துகொண்டிருந்தேன். அக்காவும் அங்கேதான். தம்பி காவடி எடுத்திருந்தான். கைப்பேசிகள் எல்லாம் வீட்டில்.

முதல் கருத்து ஏழு மணிக்கு முன்பே வந்திருக்கிறது. ஒரே வரி: 'இந்த ஆள் எங்கே குதிக்கிறார் என்று தெரிந்துதான் போட்டீர்களா?' அந்த நேரத்தில் யாராவது பார்த்துப் படத்தை எடுத்திருந்தால் விஷயம் அதோடு முடிந்திருக்கும். நாங்கள் பார்த்தது பிற்பகல் இரண்டரைக்கு. அதற்குள் படத்தைப் பிடித்துத் தனியாகப் பகிர்ந்துவிட்டார்கள்.

நம்முடைய பண்டிகையும் பிறருடைய நாளும் ஒன்றாக வரும்போதுதான் பக்கத்தைப் பார்க்க ஆள் இருக்காது. அதைவிட மோசமான வேளை கிடையாது. இப்போது எங்கள் விதி இது: பிறருடைய நாளுக்கான பதிவு, யாராவது ஒருவர் கையில் கைப்பேசியோடு முதல் இரண்டு மணி நேரம் உட்கார முடிந்தால்தான் வெளியாகும். முடியாவிட்டால் அந்தப் பதிவு வேண்டாம்.

முதல் பதில் ஏன் எடுபடவில்லை

கோயிலிலிருந்து வந்ததும் தம்பி பதறிப்போய் இரண்டு காரியங்கள் செய்தான். கடுமையான கருத்துகள் இருபதை மறைத்தான். பிறகு 'யாருடைய மனத்தையும் புண்படுத்துவது எங்கள் நோக்கமல்ல. யாராவது புண்பட்டிருந்தால் வருந்துகிறோம்' என்று பிரெஞ்சில் எழுதிப் போட்டான்.

ஃபேஸ்புக்கில் ஒரு கருத்தை மறைத்தால் அது எழுதியவருக்கும் அவருடைய நண்பர்களுக்கும் தொடர்ந்து தெரியும், மற்றவர்களுக்குத்தான் தெரியாது. அதனால் மறைத்தவருக்கு, யாருக்கும் தெரியாமல் செய்துவிட்டோம் என்று தோன்றும். ஆனால் ஒரு வீட்டில் மனைவிக்குத் தெரிகிற கருத்து அடுத்த தெருக்காரருக்குத் தெரியவில்லை என்றால், ஒரு மணி நேரத்தில் அது வெளிவந்துவிடும். வந்தது. அதுவரை 'கவனக்குறைவு' என்று எழுதிக்கொண்டிருந்தவர்கள் அதற்குப் பிறகு 'அகம்பாவம்' என்று எழுதினார்கள்.

மன்னிப்பு வாசகமும் அப்படித்தான். அது எங்கள் நோக்கத்தைப் பற்றிப் பேசியது. படத்தைப் பற்றி ஒரு சொல் கூடப் பேசவில்லை. எது தப்பு என்று எங்களுக்குப் புரிந்ததா இல்லையா என்பதே படிப்பவருக்குத் தெரியவில்லை. 'யாராவது புண்பட்டிருந்தால்' என்கிற அந்த 'இருந்தால்', அத்தனை பேர் எழுதிய பிறகும், புண்பட்டார்களா என்று சந்தேகப்படுவதுபோல் இருந்தது. மொழியும் ஒரு பிழை. வந்த கருத்துகள் எல்லாம் கிரியோல் மொழியில். எங்கள் பதில் அலுவலகப் பிரெஞ்சில். வீட்டு வாசலில் நின்று பேசுகிறவருக்கு வக்கீல் நோட்டீஸ் நீட்டியதுபோல் ஆகிவிட்டது.

மூன்றாவதாக ஒன்று நடந்தது. அதை நாங்கள் செய்யவில்லை, ஆனால் தடுக்கவும் இல்லை. எங்கள் தமிழ் வாடிக்கையாளர்கள் சிலர் கடைக்குப் பரிந்து எழுதினார்கள். 'எங்கள் முன்னோரும் கூலிகளாக வந்து கஷ்டப்பட்டவர்கள்தான், நாங்கள் உங்களைக் கேலி செய்வோமா' என்று. நல்ல மனத்தோடு எழுதியதுதான். ஆனால் இந்தத் தீவில் அந்த ஒப்பீடு தீக்குச்சி.

ஏன் என்று கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். 1835-இல் விடுதலையானவர்கள் 60,000-க்கும் மேற்பட்டோர். அவர்களுக்கு ஒரு காசும் கிடைக்கவில்லை. பிரிட்டிஷ் அரசு இழப்பீடு கொடுத்தது எசமானர்களுக்கு. மொரிஷியஸுக்கு மட்டும் 20 லட்சம் பவுண்டுக்கு மேல். விடுதலையானவர்கள் 'தொழில் பழகுநர்' என்ற பெயரில் அதே தோட்டங்களில் 1839 வரை வேலை செய்ய வேண்டியிருந்தது. விடுதலைக்குச் சில மாதங்கள் முன்பே அவர்களுக்குப் பதிலாக இந்தியாவிலிருந்து கப்பலில் ஆள் கொண்டுவரத் தொடங்கிவிட்டார்கள். ஆக, ஒருவரின் விடுதலைக் கதையில் மற்றவரின் வருகை, அவரை இடம்பெயர்த்த பகுதியாக வருகிறது. தமிழர் கதை அதைவிடவும் சிக்கலானது. பிரெஞ்சுக்காரர் காலத்தில் புதுச்சேரிப் பக்கத்திலிருந்து கைவினைஞர்களாக வந்தவர்களும் நம்மவர். அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களிலும் நம்மவர் உண்டு. அடிமைகளை வைத்திருந்த, 'மலபார்' என்று அழைக்கப்பட்ட வசதியான தென்னிந்தியக் குடும்பங்களும் அன்றைய போர் லூயியில் இருந்தன. எனவே 'நாங்களும் உங்களைப் போலத்தான்' என்பதைப் பாதி உண்மை என்று கூடச் சொல்ல முடியாது. உண்மையாக இருக்கிற பாகத்தையும் அன்றைக்குச் சொல்லியிருக்கக் கூடாது. சாவு வீட்டுக்குப் போய் நம் வீட்டுச் சாவைப் பற்றிப் பேசுவதில்லையே.

மாலை ஏழு மணிப் பதிவு

அக்கா அன்று மாலை வந்து எல்லாவற்றையும் உட்கார்ந்து படித்தார். தம்பி, 'பெரியம்மா, ஒரு படத்துக்கா இவ்வளவு?' என்று கேட்டான். அக்கா அவனிடம் சத்தம் போடவில்லை. பணப்பையிலிருந்து ஒரு ரூபாய் நோட்டை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"1998-ல புது நோட்டு வந்தப்போ நீ பிறக்கல. தமிழ் வரிய ஹிந்திக்குக் கீழ இறக்கிட்டாங்க. எத்தனை நாள் சண்டை தெரியுமா? அந்த நோட்டையெல்லாம் திரும்ப வாங்கிட்டு வேற அடிச்சாங்க. ரெண்டு வரி இடம் மாறினதுக்கு நமக்கு அவ்வளவு வலிச்சுது. அது மலைடா."

அவன் அதற்குப் பிறகு எதுவும் கேட்கவில்லை.

மறைத்த கருத்துகள் எல்லாவற்றையும் திறந்தோம். பழைய பதிவை ஓசையில்லாமல் திருத்தலாமா என்று யோசித்தோம். ஃபேஸ்புக்கில் திருத்தினால் முந்தைய வாசகம் திருத்த வரலாற்றில் யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி இருக்கும். ஆகவே அதை முழுவதுமாக நீக்கினோம். நீக்கியதையே புதுப் பதிவில் முதல் வரியாகச் சொன்னோம். படம் இல்லை, சின்னம் இல்லை, ஓரச் சட்டம் இல்லை, வெறும் எழுத்து. கிரியோலில் அக்கா சொல்லச் சொல்ல நான் எழுதியது, தமிழில் இப்படி வரும்:

'இன்று காலை நாங்கள் போட்ட படத்தை எடுத்துவிட்டோம். லெ மோர்ன் மலைக்கு முன்னால் ஒருவர் குதிப்பதுபோல் படம் போட்டது தவறு. அந்த மலையில் என்ன நடந்தது என்று எங்களுக்குத் தெரியும்; தெரிந்தும் கவனிக்கவில்லை. இந்த நாளுக்குப் போன் ஃபெத் என்று எழுதியதும், அதன் கீழே தள்ளுபடி போட்டதும் தவறு. தள்ளுபடியை நிறுத்திவிட்டோம். காலையில் கருத்து எழுதியவர்களில் சிலருடையதை மறைத்தோம், அதுவும் தவறு, இப்போது திறந்திருக்கிறோம். சொன்னவர்களுக்கு நன்றி.'

அவ்வளவுதான். நோக்கம் பற்றி ஒரு சொல் இல்லை. 'இருந்தால்' இல்லை. கடையின் பெயருக்கு மேல் அக்கா தன் பெயரையும் போட்டார். அதன் கீழே வந்த கருத்துகள் முப்பதுக்குள். பாதிப் பேர் 'சரி, புரிகிறது' என்றார்கள். சிலர் மன்னிக்கவில்லை. அது அவர்கள் உரிமை. நாங்கள் பதிலுக்கு வாதாடவில்லை.

தள்ளுபடியை நிறுத்தியதில் தமிழ் வாடிக்கையாளர்கள் இருவர் கோபித்துக்கொண்டார்கள். காவடிக்காகத்தானே தள்ளுபடி என்று. நியாயம்தான். இரண்டு நாளையும் ஒரே படத்தில் கட்டியது எங்கள் தப்பு. ஒன்றை அவிழ்க்கும்போது இன்னொன்றும் அவிழ்ந்தது. இடப்பக்கத்துப் படம் பற்றியும் நம்மவர் ஒருவர் தனியாக எழுதினார். அலகு குத்திய உடம்புக்குப் பக்கத்தில் சங்கிலி போட்ட கையை வைத்தால், விரும்பி எடுத்த நேர்த்திக்கடன் தண்டனை மாதிரித் தெரிகிறது என்று. அது எங்களில் யாருக்கும் தோன்றவில்லை.

வேர் எங்கே இருந்தது

திங்கட்கிழமை காலை வழக்கமாக ஊசி நூல் வாங்க வருகிற ஒரு கிரியோல் அம்மாள் கடைக்கு வந்தார். வீட்டிலேயே தையல் தைப்பவர், எழுபது வயதிருக்கும். நாங்கள் அவரைத் தாந்தீன் என்றுதான் கூப்பிடுவோம். படத்தை அவர் மகள் காட்டியிருக்கிறாள். அவர் திட்டவில்லை. 'உட்காருங்கள் தாந்தீன்' என்றதும் உட்கார்ந்தார். நான் நேராகவே கேட்டேன்: அன்று காலையில் உங்கள் வீட்டில் ஒருவருக்கொருவர் என்ன சொல்லிக்கொள்வீர்கள்?

கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, 'ஒன்றும் சொல்லிக்கொள்வதில்லை' என்றார். சிலர் லெ மோர்னுக்குப் போவார்கள். சிலர் பூசைக்கு. மத்தியானம் சேர்ந்து சாப்பிடுவார்கள், சாயங்காலம் யாராவது ரவான் மேளத்தை எடுத்தால் சேகா பாட்டுப் பாடுவார்கள். ஆனால் காலையில் எழுந்து கை குலுக்கி 'போன் ஃபெத்' என்று சொன்னதாக அவருக்கு நினைவே இல்லை.

அந்தப் பதில் கேட்ட பிறகுதான் எனக்கு வேர் தெரிந்தது. படம் செய்தவனின் அவசரமோ நான் பேருந்தில் பார்த்ததோ அல்ல. அவை மேல் மண். வேர் எங்கள் அச்சு. அந்த பிப்ரவரியில் காவடி, ஒழிப்பு நாள், பதினைந்தாம் தேதி மகா சிவராத்திரி, பதினேழாம் தேதி சீனப் புத்தாண்டு, உடனே ரமலான் நோன்பு என்று வரிசையாக இருந்தது. ஆகவே ஜனவரியில் ஒரே உட்காரலில் எல்லாவற்றையும் செய்து வைத்தோம். ஆரஞ்சு நிறச் சட்டம், மூலையில் குத்துவிளக்கு, 'போன் ஃபெத்' என்ற வரி, அதன்பின் ஒரு காலி இடம். காலி இடத்தில் நாளின் பெயரை நிரப்பினால் போதும்.

'போன் ஃபெத்' இந்தத் தீவில் எல்லோருக்கும் பொதுவான சொல். ஈதுக்கும் சொல்வார்கள், தீபாவளிக்கும் சொல்வார்கள், காவடிக்கும் சொல்வார்கள். அதனால்தான் அது அச்சில் ஏறியது. ஆனால் 'ஃபெத்' என்றால் விழா. காலண்டரில் சிவப்பாக இருக்கிற நாளெல்லாம் விழா என்று அந்த அச்சு நமக்காக முடிவு செய்துவிட்டது. ஒழிப்பு நாள் 2001-இல் பொது விடுமுறையானது. அன்றிலிருந்து அதுவும் பட்டியலில் ஒரு சிவப்பு எண். எண்ணைப் பார்த்தோம், நாளைப் பார்க்கவில்லை.

இந்த நாளுக்கு ஏன் பதிவு போட்டோம் என்பதற்கும் ஒரு காரணம் உண்டு. 2025-இல் நாங்கள் ஒழிப்பு நாளுக்கு எதுவும் போடவில்லை. மற்ற எல்லா நாளுக்கும் போட்டிருந்தோம். ஒருவர் கேட்டார்: 'எல்லோருக்கும் உண்டு, எங்களுக்கு மட்டும் இல்லையா?' இங்கே மௌனத்தையும் எண்ணுவார்கள். பேசாமல் இருப்பது பத்திரம் என்பவர்கள் இதை நினைத்துப் பார்க்க வேண்டும். ஆறு நாளுக்கு வாழ்த்தி ஏழாவதற்குப் பேசாமல் இருந்தால் அதுவும் ஒரு பேச்சுதான்.

தாந்தீன் சொன்னதே கடைசி வார்த்தை அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். அவருடைய பேரன் வயதுப் பையன் ஒருவன் எங்கள் கடையில் சுமை இறக்குகிறான். அவனுக்கு இது கொண்டாட வேண்டிய நாள். இசை நிகழ்ச்சிக்குப் போவான், ஆடுவான். அழுதுகொண்டே இருக்கச் சொல்கிறவர்கள்மேல் அவனுக்குக் கோபம். இருவருமே சரி. ஆனால் அந்த வழக்கு அவர்கள் வீட்டு வழக்கு. துக்க வீட்டில் சொந்தக்காரர்கள் பழைய கதை சொல்லிச் சிரிப்பார்கள்; வாசலில் செருப்பைக் கழற்றுகிற நாம் சிரித்துக்கொண்டே உள்ளே போவதில்லை. அவர்களே இரண்டாகப் பிரிந்திருக்கிற இடத்தில் வெளியாள் அமைதியான பக்கம் நிற்பது நல்லது. 'ஸோர்தி நு ராப்பெல்', அதாவது 'இன்று நினைவுகூர்கிறோம்' என்று மட்டும் எழுதியிருந்தால், தாந்தீனும் அந்தப் பையனும் இருவருமே ஏற்றிருப்பார்கள். இருவரிடமும் கேட்டுப் பார்த்தேன்.

மிச்சமிருந்த படங்கள்

அந்த வாரமே வரிசையில் இருந்த பதிவுகள் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு ஒவ்வொன்றாகப் பெரிய திரையில் பார்த்தோம். சிவராத்திரிப் படத்தில் பெரிய கோளாறு இல்லை. சீனப் புத்தாண்டுக்குத் தம்பி எடுத்திருந்தது ஜப்பானியக் கோயில் வாசல், மாற்றினோம். ஈதுப் படத்தில்தான் இரண்டு இருந்தன.

முதலாவது கோளாறு எழுத்தில். ஈத் முபாரக் என்று அரபியில் ஒட்டியிருந்தான். எங்களில் யாருக்கும் அரபி வாசிக்கத் தெரியாது. ஆனால் அரபி எழுத்துகள் ஒரு சொல்லுக்குள் பெரும்பாலும் கைகோத்து நிற்கும் என்பது மசூதிப் பலகைகளைப் பார்த்தாலே தெரியும். இந்தப் படத்தில் ஒவ்வோர் எழுத்தும் தனித்தனியாக நின்றது. அரபிக்கு ஏற்பாடு இல்லாத வடிவமைப்பு மென்பொருளில் ஒட்டினால் எழுத்துகள் பிரிந்துபோகும், சில வேளை வலமிருந்து இடம் போக வேண்டியது தலைகீழாக இடமிருந்து வலம் ஓடும். நமக்கு இது புதிதல்ல. காவடிக்கு வாழ்த்துச் சொல்கிற எத்தனை பெரிய கடைப் பதாகைகளில் 'கோ'வின் கொம்பும் காலும் எழுத்தை விட்டுத் தள்ளி நிற்பதைப் பார்த்து முகம் சுளித்திருக்கிறோம். வாசிக்கத் தெரியாத எழுத்தைப் படத்தில் போடாமல் இருப்பதே மேல். போட்டே ஆக வேண்டுமென்றால், வாசிக்கத் தெரிந்தவர் இறுதிப் படத்தைப் பார்க்க வேண்டும். தட்டச்சு செய்த வாசகத்தைக் காட்டினால் போதாது, ஏனென்றால் உடைவது கடைசியில், படமாக மாறும்போது.

இரண்டாவது கோளாறு தேதியில். விடுமுறைப் பட்டியலில் ஈதுப் பெருநாள் தேதிக்குப் பக்கத்திலேயே 'பிறை தெரிவதைப் பொறுத்து' என்று இருக்கும். நாங்கள் அந்தத் தேதியின் காலை ஐந்து மணிக்கு நேரம் குறித்து வைத்திருந்தோம். பிறை தெரியாமல் ஒரு நாள் தள்ளிப்போனால், இன்னும் நோன்பில் இருப்பவருக்கு நாங்கள் பெருநாள் வாழ்த்துச் சொல்லிக்கொண்டிருப்போம். இப்போது அந்தப் பதிவுக்கு நேரமே குறிப்பதில்லை. பிறை பற்றிய அறிவிப்பு வந்த பிறகு கையால் வெளியிடுகிறோம். மூலையில் இருந்த குத்துவிளக்கு எல்லாப் படத்திலிருந்தும் போய்விட்டது. கடையின் சின்னம் மட்டும் சிறியதாக, கீழே. பிறர் நாளில் விலை பற்றி ஒரு சொல்லும் இல்லை. துணி விற்க வேண்டுமானால் அது வேறு பதிவு, வேறு நாள்.

அச்சின் இடத்தில் இப்போது ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கிறது. ஒவ்வொரு நாளுக்கும் ஒரு பக்கம். மேலே ஒரே கேள்வி: 'அன்று காலை அவர்கள் ஒருவருக்கொருவர் என்ன சொல்லிக்கொள்கிறார்கள்?' விடையை அந்தச் சமூகத்தவர் இருவரிடம் கேட்டு எழுதுகிறோம். ஒருவர் வயதானவர், ஒருவர் இளையவர். இருவரும் ஒரே விடை சொன்னால் அதே சொற்களில் பதிவு. வேறு வேறு சொன்னால் இரண்டில் அடக்கமானது. 'ஒன்றும் சொல்லிக்கொள்வதில்லை' என்று வந்தால் வாழ்த்து கிடையாது. நினைவுகூர்கிற ஒரு வரி மட்டும்.

தாந்தீனிடம் அந்த நோட்டைக் காட்டினேன். ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். நவம்பர் 2-க்கு வந்ததும் நின்றார். அது நம் நாள். ஒப்பந்தக் கூலிகள் வந்திறங்கிய நாள். 1834-இல் 'அட்லஸ்' கப்பலில் முப்பத்தாறு பேர். போர் லூயியில் கூலிகள் கரையேறிய ஆப்ரவாசி காட் துறையின் பதினாறு கல்படிகளில் அன்று மலர் வைப்பார்கள். எங்கள் சொந்த நாள் என்பதால் யாரையும் கேட்காமல் பக்கத்தைக் காலியாக விட்டிருந்தோம்.

'அன்று காலையில் உங்கள் வீட்டில் என்ன சொல்லிக்கொள்வீர்கள்?' என்று கேட்டார்.

நான் அக்காவைப் பார்த்தேன். அக்கா என்னைப் பார்த்தார். அந்தப் பக்கம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. நவம்பருக்குள் அக்காவின் அம்மாவிடம் கேட்க வேண்டும்.